குருணைக்குக் கட்டமில்லாத ரிப்போர்ட்

முதலாளியின் மருமகன் எங்கள் அரிசி மில்லுக்கு மெனேஜராக வந்த முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். பத்தாயிரம் கிலோ நெல் உள்ளே போயிருக்கிறது, ஆறாயிரத்து ஐந்நூறு கிலோ அரிசி வெளியே வந்திருக்கிறது, மிச்சம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. குரல் அமைதியாக இருந்தது. திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரரின் அமைதி அது.

"உமி போயிருக்கும் சார்" என்றேன். "ரெண்டாயிரம் கிலோ கிட்ட உமி. அப்புறம் தவிடு. மிச்சம் கல்லு, வைக்கோல், பதரு."

"உமியா?" என்றார்.

கொழும்பில் வியாபார முகாமைத்துவம் படித்தவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துத் தோலை உரித்துப் பார்த்ததில்லை என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. அதற்காக நான் அவரை இளக்காரமாக நினைக்கவில்லை. தெரியாதவர் கேட்கிறார், நல்லதுதானே என்றுகூட நினைத்தேன். சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப அந்த உமியைக் குறைக்க என்ன செய்யலாம்னு ஒரு பிளான் எழுதிக் குடுங்க" என்றார். இளக்காரம் அங்கேதான் தொடங்கியது.

மில் பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பாதையில் இருந்தது. நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் என்று நின்ற பிள்ளைக்கு, எட்டு வருடத்துக்கு முன் கிடைத்த வேலை அது. வேலையின் பெயர் கிளார்க். உண்மையில் செய்தது லொட்டு ரிப்போர்ட் எழுதுவது.

ஒரே இடத்திலிருந்து ஒரே வகை நெல் சேர்ந்து வந்தால் அது ஒரு லொட்டு. அதற்கு நம்பர் போடுவோம். வந்தபோது எவ்வளவு எடை, எவ்வளவு ஈரம், காயவைத்த பிறகு எவ்வளவு எடை, அரைத்த பிறகு எத்தனை கிலோ அரிசி என்று வரிசையாக எழுதவேண்டும். காய்ந்த நெல் நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ அரிசி என்பது ஒரு கட்டம். அந்த அரிசியில் நூற்றுக்கு எவ்வளவு உடைந்தது என்பது இன்னொரு கட்டம். முதலாவதை எடைமேடை சொல்லிவிடும். இரண்டாவதை நான்தான் சொல்லவேண்டும். நாலைந்து மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதில் நூறு கிராம் நிறுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, முழு மணியில் முக்கால் நீளத்துக்குக் குறைந்ததையெல்லாம் குருணையென்று ஒதுக்கி, அதைத் திரும்ப நிறுப்பேன். ஒரு லொட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். கண் எரியும். மிஞ்சிய மாதிரியை லொட்டு நம்பர் எழுதிய பையில் கட்டி அலுமாரியில் வைப்பேன். வெள்ளைப் பச்சையரிசிக்கு எங்கள் மில்லில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று குருணை வரும். நல்ல கணக்கு அது. அந்தக் கணக்கில் எனக்குப் பங்கில்லை; பங்கு அரிசியின் தவிட்டைச் சீவும் பொலிஷ் மெஷினை ஓட்டிய, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு.

அவர் பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஐம்பது வயதை எட்டியிருந்தார். மில்லுக்கு வருமுன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதிகம் பேசமாட்டார். மெஷினிலிருந்து விழும் அரிசியை உள்ளங்கையில் வாங்கி, சூடு பார்த்து, அமுக்கத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். என்னைத் தங்கச்சி என்பார். மெனேஜரை முகத்துக்கு நேரே சார் என்றும், அந்தப் பக்கம் போனதும் சின்னத் தொரை என்றும் சொல்வார். அதுகூடச் சிரிக்காமல் சொல்வார்.

அந்தப் பெரும்போக அறுவடையில் மழை விடவில்லை. மெஷின் அறுத்த நெல் வயலிலிருந்து நேரே லொறியேறி வந்தது. ஈரம் பார்க்கும் கருவியில் பதினெட்டு, பத்தொன்பது என்று காட்டியது. பதினாலுக்குக் கொண்டுவந்தால்தான் அரைக்கலாம். எங்களிடம் உமி எரித்துச் சூடுகாற்று ஊதும் ட்ரையர் ஒன்று இருந்தது. வழக்கம் என்னவென்றால், கை பொறுக்கிற வெதுவெதுப்பில், நாற்பது டிகிரிக்குச் சற்று மேலே, சில மணி நேரம் ஊதுவது. பிறகு நெல்லைக் குவித்து ஆறவிடுவது. மணிக்குள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் வந்த பிறகு திரும்ப ஊதுவது. ஒரு லொட்டுக்கு இரண்டு நாள் ஆகும். கேட்டில் லொறிகள் வரிசையாக நின்றன.

மெனேஜர் ட்ரையரின் முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். குவிந்து ஆறிக்கொண்டிருந்த நெல்லைக் காட்டி, "இது ஏன் சும்மா கிடக்குது?" என்று கேட்டார்.

அடுப்பைப் பார்க்கும் தொழிலாளி, ஆறுது சார் என்றார்.

"நெல்லு ரெஸ்ட் எடுக்குதா?" என்று கேட்டுவிட்டு மெனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்கு முழுவதும் ஒவ்வொரு ஆளிடமும் போய்த் திரும்பத் திரும்பச் சிரித்தார். மாலைக்குள் உத்தரவு வந்தது: சூடு அறுபது, ஆறவிடுவது கிடையாது, ஒரே ஓட்டமாகக் காயவைத்து அரைவைக்கு அனுப்பவேண்டும். ஒரு லொட்டு ஒரு நாளில் முடியவேண்டும்.

முடிந்தது. வரிசை கரைந்தது. மெனேஜர் தன் போனில் வரிசை இல்லாத கேட்டைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினார்.

அடுத்த லொட்டில் குருணை இருபத்துநாலு வந்தது. நான் தப்பாக நிறுத்துவிட்டேனோ என்று இன்னொரு நூறு கிராம் எடுத்தேன். இருபத்தைந்து. அதற்கடுத்த லொட்டில் இருபத்தேழு. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். மொத்த அரிசிக் கணக்கு அவ்வளவாக விழவில்லை, அறுபத்தைந்து அறுபத்துநாலானது. அது ஏனென்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உடைந்தாலும் அரிசி அரிசிதான், எடையில் இருக்கும். தூளாகித் தவிட்டோடு போனது மட்டும்தான் குறையும்.

மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டுக்கு அரிசி கொடுப்பார்கள். அந்த முறை எடுத்துப்போனதை அம்மா வடித்துவிட்டு, "என்னாடி இது, சோறா களியா?" என்று கேட்டார். பானையின் அடியில் ஒட்டிக்கிடந்ததை அகப்பையால் சுரண்டிக் காட்டினார். நான் எழுதிய இருபத்தேழு என்ற எண் எங்கள் வீட்டு அடுப்பில் அப்படி இருந்தது.

மெனேஜர் ரிப்போர்ட்டை வாசிக்கிறவர் இல்லை. அவருக்கு நிறம் வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததைக் கொம்பியூட்டரில் போட்டு, நல்ல எண்ணுக்குப் பச்சை, கெட்ட எண்ணுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தார். குருணைக் கட்டம் மூன்று வாரமாகச் சிவந்து கிடந்த பிறகுதான் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். பேசியது பொலிஷ் ஓட்டும் அண்ணனைப் பார்த்து.

"அரிசி எங்க ஒடையுது? ஒங்க மெஷின்ல. யாரு ஓட்டுறது? நீங்க. இதுல வேற என்ன இருக்கு?"

"நான் அமுக்கத்த மாத்தவே இல்லீங்க சார்" என்றார் அண்ணன். "நெல்லு உள்ள வரும்போதே ஒடைஞ்சு வருது."

"உமிக்குள்ள ஒடைஞ்சு வருதா? நீங்க பார்த்தீங்களா? எக்ஸ்ரே கண்ணா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மெனேஜர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே எந்த இடத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள். அண்ணன் எழுந்துநின்றபடியே இருந்தார், உட்காரச் சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. அந்தப் போகத்தில் அரைத்த பத்தொன்பது லொட்டின் தாள்களையும் மேசையில் பரப்பினேன். வந்தபோது இருந்த ஈரத்தைப் பார்த்து அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். ஐந்து லொட்டு, மழைக்கு நடுவே வெயில் அடித்த நாட்களில் விவசாயிகளே படங்கு விரித்துக் காயவைத்துக் கொண்டுவந்தவை. ஈரம் பதினாலுக்குள் இருந்ததால் ட்ரையரைத் தொடாமல் நேரே அரைவைக்குப் போனவை. அந்த ஐந்திலும் குருணை பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குள். சூட்டை ஏற்றும் முன்பு பழைய முறையில் காய்ந்த நாலு லொட்டிலும் பன்னிரண்டிலிருந்து பதினாலுக்குள். மிச்சம் பத்தும் அறுபது டிகிரியில் ஒரே ஓட்டமாகக் காய்ந்தவை. அந்தப் பத்திலும் இருபத்துநாலுக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை.

பத்தொன்பதும் ஒரே பொலிஷ் மெஷினில் போனவை. ஒரே ஆள் ஓட்டியவை. காய்ந்து வந்த ஐந்தும் அந்தப் பத்துக்கு இடையிலேதான் அரைபட்டிருந்தன. செவ்வாய்க்கிழமை பதினொன்று, புதன்கிழமை இருபத்தாறு, வியாழக்கிழமை பன்னிரண்டு. அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கை தவறுகிற ஆளா?

தாள்களை எடுத்துக்கொண்டு மெனேஜரின் அறைக்குப் போனேன். அண்ணனையும் வரச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மெனேஜர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, "கோரிலேஷன்" என்று ஒரு சொல்லைச் சொன்னார். சூடும் குருணையும் சேர்ந்து ஏறியிருக்கலாம், அதற்காக ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்கவேண்டியதில்லை என்றார். எங்கேயோ படித்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"அப்ப நெல்லையே பார்ப்பம் சார்" என்றார் அண்ணன். "சூடு தாங்காம உள்ள அரிசி வெடிச்சிருக்கும். தோலை உரிச்சு வெளிச்சத்துல புடிச்சா கோடு தெரியும்."

"சரி, இப்பவே காட்டுங்க."

அப்போதுதான் ட்ரையரிலிருந்து ஒரு லொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிடி எடுத்துவந்தேன். நூறு மணியை எண்ணி, நகத்தால் உமியை உரித்து, கண்ணாடித் துண்டின்மேல் அடுக்கிக் கீழேயிருந்து டோர்ச் அடித்தேன். நல்ல அரிசி கண்ணாடிபோல ஒளிவிடும். வெடித்த அரிசியில் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு விழும். எண்ணினேன். பதினொன்று.

"எத்தன?" என்றார் மெனேஜர்.

"பதினொன்னு சார்."

"நூத்துக்குப் பதினொன்னு. ஒங்க பழைய குருணையே அதுக்கு மேல!" அவர் நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஒரு வாதத்தில் ஜெயித்த மனிதனைவிட, ஜெயித்ததாக நினைத்துக்கொண்ட மனிதனைப் பார்ப்பது கஷ்டம்.

"சூட்டுல இருந்து இப்பத்தான் எறங்கியிருக்கு சார்" என்றார் அண்ணன். "ஒடனே வெடிக்காது. வெளிப்பக்கம் காஞ்சிருக்கும், உள்ள ஈரம் இருக்கும். ரெண்டும் இழுத்துக்கிட்டு அப்பறமாத்தான் கோடு விழும். இதே நெல்ல நாளைக்கு இந்நேரம் பாருங்க."

"நாளைக்கு, நாளன்னைக்கு, அடுத்த போகம். எனக்கு நேரமில்ல" என்றார் மெனேஜர்.

அந்தப் பிடி நெல்லை ஒரு பையில் கட்டிவைத்தேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு இன்னொரு நூறு மணி உரித்தேன். நாற்பத்து மூன்று வெடித்திருந்தது. கண்ணாடியோடு அப்படியே தூக்கிக்கொண்டு, மணிகள் உருளாமல் மெதுவாக நடந்து, அவர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தி நிற்கச் சொன்னார். நின்றேன். பேச்சு முடிந்ததும் இன்னொரு நம்பரை அழுத்தினார். கண்ணாடியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாலை போய்ப் பார்த்தபோது அதன்மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

மறு வாரம் அவர் இரண்டு காரியம் செய்தார். அண்ணனைப் பொலிஷ் மெஷினிலிருந்து எடுத்து மூட்டை ஏற்றும் இடத்தில் போட்டார். ரிப்போர்ட் படிவத்தை மாற்றினார்.

புதிய படிவத்தை நான்தான் தட்டெழுதவேண்டியிருந்தது. நெல் எடை, அரிசி எடை, மொத்த அரிசி நூற்றுக்கு எவ்வளவு, அவ்வளவுதான். ஈரம் இல்லை. குருணை இல்லை.

"குருணைக்குக் கட்டம் எங்க சார்?" என்று கேட்டேன்.

"மொத்த அரிசிக்குள்ள அதுவும் வந்துடுதே, மிஸ். ரெண்டு தடவ எதுக்கு எழுதணும்? சிம்பிளா வைப்பம்."

உடைந்த காலைக் கட்டுவதற்குப் பதிலாக வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் தட்டெழுதினேன். அடுத்து வந்த ஒவ்வொரு லொட்டுக்கும் அந்தப் படிவத்தை நிரப்பிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அறுபத்துநாலு, அறுபத்துநாலு, அறுபத்தைந்து. எல்லாம் பச்சை. ஒரு பொய்கூட அதில் இல்லை. அதுதான் அதன் அசிங்கம். மெனேஜரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான், அந்த வாரம் முதலாளிக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். நம்பர் என்னிடம் இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வருகிற வேலை போனால் மூன்று பஸ் மாறிப் போகவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாதிரிப் பைகளைக் கட்டுவதை மட்டும் விடவில்லை. அதை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அலுமாரியில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தால்தானே?

அண்ணன் நாலு நாள் மூட்டை தூக்கினார். ஐந்தாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஒபிசுக்கு வந்தார்.

"வர்றேன் தங்கச்சி" என்றார்.

"எங்கண்ணே?"

"எங்கயாச்சும். மெஷின் எல்லா எடத்துலயும் இருக்கு." என் மேசையில் கிடந்த புதிய படிவத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே என் கையெழுத்தில் கண் ஒரு நொடி நின்றது. தாளை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, எங்கள் மூட்டைகளை ஏற்றிப்போன லொறி அப்படியே திரும்பி வந்து கேட்டில் நின்றது. அதன் முன்சீட்டிலிருந்து பண்டாரவளையில் மொத்தக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி இறங்கினார்; எல்லோரும் அவரை நானா என்போம். பூனாகலைப் பக்கம் மேலே இருக்கிற தோட்டத்துக் கடைகளுக்கெல்லாம் அவர்தான் அரிசி கொடுப்பவர். முதலாளிக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவரும் டவுனிலிருந்து வந்துவிட்டார்.

நானா கத்தவில்லை. ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, முதலாளியின் உள்ளங்கையில் கொட்டினார்.

"மூட்டை சீட்டுல பதினஞ்சுக்கு உள்ள குருணைன்னு அடிச்சிருக்கு. இத நீங்களே பாருங்க. கோழிக்குப் போடத்தான் நான் வாங்கினனா?"

மெனேஜர் ஓடிவந்தார். "இங்க இருந்து போறப்ப நல்லாத்தான் போனது. ரோட்டுல ஒடைஞ்சிருக்கும். பண்டாரவளைப் பாதை ஃபுல்லா வளைவுதானே" என்றார்.

நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, முப்பது வருசமா எங்கட லொறி அந்த வளைவுலதான் போகுது. இந்த மாசம் மட்டுமா வளைஞ்சிச்சு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், இந்த லொட்டு ரிப்போர்ட்ட எடுங்க பாப்பம்."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது நெல்லுல எவ்வளவு அரிசி வந்ததுன்னு ஒங்களுக்குச் சொல்ற பேப்பர். அந்த அரிசி எப்புடி இருக்குன்னு எனக்குச் சொல்ற பேப்பர் எங்க?"

மெனேஜர் படிவத்தைச் சுருக்கியதைப் பற்றி ஏதோ தொடங்கினார். நான் காத்திருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அந்த லொட்டின் மாதிரிப் பையை எடுத்துவந்தேன். பிறகு அதற்கு முன்னால் உள்ளதை. பிறகு எல்லாவற்றையும். சிறிய தராசையும் வெள்ளைத் தட்டையும் கொண்டுவந்து, முதலாளியின் கண் முன்னால் உட்கார்ந்து நூறு கிராம் நிறுத்துக் குருணையை ஒதுக்கினேன். நானாவும் பக்கத்தில் உட்கார்ந்து மறுபாதியைப் பொறுக்கினார். என்னைவிட வேகமான விரல்கள். மெனேஜர் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அது நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இருபத்தேழு கிராம்.

"எப்ப இருந்து இப்புடி?" என்று முதலாளி கேட்டார்.

பத்தொன்பது லொட்டையும் அடுக்கி எழுதிய பழைய தாளை எடுத்துவைத்தேன். முதலாளி வியாபாரி அல்லவா, மருமகன் மூன்று வாரத்தில் வாசிக்காததை மூன்று நிமிடத்தில் வாசித்தார். ஈரத்தில் விரலை வைத்தார், குருணைக்கு விரலை நகர்த்தினார், திரும்ப ஈரத்துக்கு வந்தார். "ட்ரையர்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "இது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஃபோர்ம்ல அதுக்குக் கட்டம் இல்லீங்க" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். நானா மூக்கிலிருந்த கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த லொறியில் வந்த அரிசியை அவர் பார்த்த அதே பார்வை.

முதலாளி மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றை நீளம் பிரிக்கும் உருளையில் திரும்பவும் ஓட்டி, முழு அரிசியைத் தனியாக, குருணையைத் தனியாகப் பிரித்தோம். குருணை மாவு அரைக்கிறவர்களுக்கும் தீவனக்காரர்களுக்கும் போனது. ட்ரையரின் சூடு நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. நெல் திரும்பவும் குவிந்து ஆறத் தொடங்கியது. அடுத்த மூன்று லொட்டில் குருணை பதினாறு, பதினாலு, பதின்மூன்று.

இரண்டு மாதம் கழித்து மெனேஜர் எல்லோரையும் கூட்டி, சுவரில் படம் காட்டினார். 'இரண்டு கட்ட உலர்த்தல்' என்று தலைப்பு. தான் அறிமுகப்படுத்திய முறை என்றார். நெல்லுக்கு ஓய்வு தேவை என்பதை நாம் புரிந்துகொள்ளவேண்டும் என்றார். நெல்லு ரெஸ்ட் எடுக்குதா என்று கேட்டதே அவருக்கு ஞாபகமில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே ஞாபகமில்லை. புதிய படிவம் ஒன்றையும் காட்டினார். அதில் குருணைக் கட்டமும் ஈரக் கட்டமும் இருந்தன. நான் எட்டு வருடம் எழுதிய பழைய படிவமேதான், மேலே மில்லின் சின்னம் மட்டும் பெரிதாகியிருந்தது. முன்பு சிரித்த அந்த இரண்டு பேரும் இப்போது கை தட்டினார்கள்.

அண்ணனைத் திரும்ப எடுக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். போன் பண்ணும் வேலை எனக்கு வந்தது. மஹியங்கனையில் ஒரு மில்லில் இருக்கிறார் என்று விசாரித்து, ஒரு மதிய இடைவேளையில் எடுத்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"மொதலாளி வரச் சொல்றாருண்ணே. பழைய எடமே தர்றாங்க. ட்ரையர் சூட்டையும் கொறச்சாச்சு."

"கேள்விப்பட்டேன்."

"வர்றீங்களா?"

"இல்ல தங்கச்சி. இங்க நல்லாத்தான் இருக்கு. சோறு தண்ணிக்குக் கொறையில்ல."

எனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது.

"அந்த ஃபோர்ம்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுண்ணே."

"ஆமா" என்றார். "போட்டிருக்கக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை. இங்கே இப்போது சம்பா அரைக்கிறோம், சின்ன மணி, உடையாமல் எடுக்கக் கொஞ்சம் பழகவேண்டியிருக்கிறது என்றார். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று வைத்தார்.

நான் ஒபிசுக்குள் போய் மெனேஜரிடம், பொலிஷ் மெஷின் அண்ணன் வரமாட்டாராம் என்றேன்.

"யாரு?" என்று கேட்டார் மெனேஜர்.